வேலி ஒன்று, நிலம் இரண்டு: ஒரு காழியின் தீர்ப்பும் அல்குவாரிஸ்மியின் விதியும்

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் பஸராவில் இயங்கிய இக்வானுஸ் ஸஃபா என்னும் அறிஞர் குழுவினர், தம் பெயரை வெளிப்படுத்தாமலேயே ஐம்பதுக்கு மேற்பட்ட நிருபங்களை எழுதி வைத்துச் சென்றனர். அவற்றுள் இரண்டாவது வடிவக் கணிதம் பற்றியது. கோடு, கோணம், முக்கோணம் என்று வரையறைகளால் நிறைந்த அந்நிருபத்தின் இடையே ஒரு சிறு வழக்கு இடம்பெற்றுள்ளது. நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது அவ்வழக்கே.

ஒருவர் மற்றொருவருக்கு ஒரு நிலத்தை 1000 திர்ஹத்துக்கு விற்கிறார். நூறு முழ நீளமும் நூறு முழ அகலமும் கொண்ட நிலம் என்பது பேச்சு. பின்னர் விற்றவர், 'அதற்குப் பதிலாக இரண்டு துண்டு நிலங்களை எடுத்துக்கொள். ஒவ்வொன்றும் ஐம்பது முழ நீளம், ஐம்பது முழ அகலம்' என்கிறார். இரண்டு ஐம்பது சேர்ந்தால் நூறு. ஆகவே வாங்கியவருக்குரிய பங்கு முழுமையாக நிறைவேறிவிட்டது என்பது அவரது எண்ணம். வழக்கு ஒரு காழியிடம் செல்கிறது. வடிவக் கணிதம் அறியாத அவர், விற்றவர் சொல்வதே சரி என்று தீர்ப்பளித்து விடுகிறார். அதன்பின் இருவரும் அத்துறை அறிந்த வேறொரு நடுவரிடம் சென்றபோது, வாங்கியவருக்குக் கிடைத்திருப்பது அவருரிமையில் பாதியே என்று அவர் தீர்ப்புக் கூறினார்.

விற்றவரை இக்வான்கள் மோசடிக்காரர் என்று குறிப்பிடவில்லை என்பது கருதத்தக்கது. அவர் அப்படித் தவறாக எண்ணிக்கொண்டார் என்ற அளவிலேயே கதை நின்றுவிடுகிறது. பிழை விற்றவருடையதாயினும் அதற்குச் சட்ட வலிமை கொடுத்தது முதல் காழியின் தீர்ப்பு. ஆயிரம் திர்ஹம் கொடுத்தவருக்கு ஐந்நூறு திர்ஹம் மதிப்புள்ள நிலமே கைக்கு வந்தது. அதுவும் நீதிமன்றத்தின் ஒப்புதலோடு வந்தது.

முதல் காழியை அறியாதவர் என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. வகுப்பில் இவ்வழக்கை எண்களை மட்டும் சொல்லி மாணவர் முன் வைக்கும்போது, 'இரண்டும் சமந்தானே உஸ்தாத்!' என்று சொல்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கவே செய்கின்றனர். அவர்களை ஏமாற்றுவது எது என்று பார்க்க வேண்டும். பெரிய நிலத்தைச் சுற்றி வேலி அடைத்தால் 400 முழ வேலி தேவை. சிறிய துண்டு ஒவ்வொன்றுக்கும் 200 முழ வேலி, இரண்டுக்குமாக 400. வேலியால் அளப்பவருக்கு இரண்டு பக்கமும் எள்ளளவும் வேறுபாடில்லை. பரப்பால் அளப்பவருக்கோ, பெரிய நிலம் 10,000 சதுர முழம். சிறிய துண்டு ஒவ்வொன்றும் 2,500. இரண்டும் சேர்ந்து 5,000. வேலி சமம், நிலம் பாதி. எல்லையில் நடந்து பார்ப்பவன் கண்ணுக்குத் தெரிவது வேலிதான். பரப்பு கணக்குப் போட்டால்தான் தெரியும்.

இது பஸராவில் மட்டும் நிகழ்ந்த பிழையன்று. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க உரையாசிரியர் புரோக்ளஸ், நிலத்தைச் சுற்றளவால் பங்கிட்ட சிலரைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர்கள் நீண்ட சுற்றளவுள்ள நிலத்தைப் பங்காளிக்குக் கொடுத்துவிட்டு, சுற்றளவு குறைந்த ஆனால் பரப்பு மிகுந்த நிலத்தைத் தாம் எடுத்துக்கொண்டார்களாம். அதற்குமேல் நேர்மையாளர் என்ற பெயரையும் சம்பாதித்துக்கொண்டார்கள் என்கிறார் அவர். இக்வான்களின் விற்பனையாளர் அறியாமல் செய்ததை இவர்கள் அறிந்தே செய்தனர்.

இனி எழும் கேள்வி இதுதான். ஒரே நீள வேலி எத்தனையோ விதமான நிலங்களை வளைக்குமெனில், அது வளைக்கக்கூடிய மிகப் பெரிய நிலம் எது? நீள்சதுர நிலங்களை மட்டும் இப்போதைக்கு எடுத்துக்கொள்வோம். வேலி 400 முழம் என்றால் நீளமும் அகலமும் சேர்ந்து எப்போதும் 200 முழம். ஆகவே கேள்வி, 200 என்னும் எண்ணை இரண்டு பங்காக்கி அவற்றை ஒன்றோடொன்று பெருக்கினால் எப்போது அதிகம் கிடைக்கும் என்ற எண் கணக்காகிவிடுகிறது. 100, 100 என்று பிரித்தால் 10,000. 120, 80 என்று பிரித்தால் 9,600. 150, 50 என்றால் 7,500. 190, 10 என்றால் வெறும் 1,900. 199 முழ நீளமும் ஒரு முழ அகலமும் கொண்ட நிலம் என்றால் 199 சதுர முழந்தான். வேலி என்னவோ அதே 400 முழம்!

இந்தக் குறைவு ஓர் ஒழுங்கோடு நிகழ்கிறது. 120, 80 என்பவை நடு எண்ணாகிய நூறிலிருந்து இருபது விலகியவை. 10,000-இலிருந்து குறைந்தது 400, அதாவது இருபதின் வர்க்கம். 150, 50 என்பவை ஐம்பது விலகியவை. குறைந்தது 2,500, ஐம்பதின் வர்க்கம். 190, 10 என்பதில் விலகல் தொண்ணூறு, குறைவு 8,100. இதற்குக் காரணம் காண எழுத்துக் குறியீடு எதுவும் வேண்டியதில்லை. நிலத்தை வெட்டி ஒட்டிப் பார்த்தாலே போதும். நூறுக்கு நூறு சதுர நிலத்தின் வடக்கு ஓரத்தில் இருபது முழ அகலமுள்ள ஒரு கீற்றை வெட்டி எடுப்போம். மிஞ்சியது கிழமேற்காக நூறு, தென்வடலாக எண்பது. வெட்டிய கீற்றின் நீளம் நூறு முழம். அதைத் திருப்பிக் கிழக்கு ஓரத்தில் ஒட்டப் போனால் அங்கே இடம் எண்பது முழந்தான். கீற்றில் எண்பது முழம் ஒட்டிக்கொள்ள, நிலம் 120-க்கு 80 ஆகிவிடும். கீற்றின் முனையில் இருபதுக்கு இருபது சதுரம் ஒன்று இடமின்றிக் கையில் நிற்கும். அதுவே அந்த 400. எத்தனை முழக் கீற்றை வெட்டினாலும் ஒரு சிறு சதுரம் இவ்வாறே மிஞ்சும். எதுவுமே வெட்டாதபோது மட்டும் இழப்பு இல்லை. ஆகவே சமமாகப் பிரிப்பதே மிகப் பெரிய பெருக்கற்பலனைத் தரும்.

இவ்வுண்மை யூக்ளிட்டின் நூலில் இரண்டாம் பாகத்து ஐந்தாம் தேற்றமாக முன்னரே இருக்கிறது. அந்நூலை ஹஜ்ஜாஜ் பின் யூஸுஃப் பின் மத்தர் என்பார் ஹாரூன் அர்ரஷீத் காலத்தில் ஒரு முறையும், மஃமூன் காலத்தில் மறுமுறையும் அரபியில் பெயர்த்தார். எனவே இது முஸ்லிம் அறிஞர்களின் கண்டுபிடிப்பு என்று உரிமை கொண்டாடுவது முறையன்று. அவர்கள் செய்தது வேறொன்று. நம் கருத்தில் அதுவே சுவையானது.

கலீஃபா மஃமூன் 813 முதல் 833 வரை ஆட்சி செய்தவர். அவரது காலத்தில் பக்தாதில் வாழ்ந்த முஹம்மது பின் மூஸா அல்குவாரிஸ்மி, அல்ஜப்ரு வல்முகாபலா பற்றிய தம் சுருக்க நூலை அக்கலீஃபாவுக்கே காணிக்கையாக்கினார். வாரிசுப் பங்கீடு, மரண சாசனம், வழக்கு, வணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்குத் தேவைப்படும் கணக்கைத் தருவதே நூலின் நோக்கம் என்று முன்னுரையில் கூறுகிறார். நூலின் பிற்பகுதியில் பெரும்பங்கு மரண சாசனக் கணக்குகளே. ஃபராயிழ் கற்றவர் எவரும் அப்பகுதியைத் தம் வீட்டுக் கணக்கைப் படிப்பதுபோலப் படிக்கலாம்.

அல்குவாரிஸ்மி சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்தார். அவற்றில் ஐந்தாவது வகையில்தான் நம் வேலிக் கணக்கு மறைந்திருக்கிறது. வர்க்கத்தை அவர் 'மால்' என்றும், அதன் மூலத்தை 'ஜித்ர்' என்றும் அழைத்தார். அவர் தரும் உதாரணம்: ஒரு மாலும் 21 திர்ஹமும் சேர்ந்தால் பத்து ஜித்ருக்குச் சமம், அந்த ஜித்ர் எவ்வளவு? அவர் சொல்லும் வழி இது. ஜித்ர்களின் எண்ணிக்கையாகிய பத்தைப் பாதியாக்கு, ஐந்து. அதை அதனாலேயே பெருக்கு, 25. அதிலிருந்து 21-ஐக் கழி, நான்கு. அதன் மூலம் இரண்டு. இந்த இரண்டை ஐந்திலிருந்து கழித்தால் மூன்று, கூட்டினால் ஏழு. இரண்டுமே விடைதான்.

இதையே நிலக் கணக்காகச் சொன்னால், நீளமும் அகலமும் சேர்ந்து பத்து, பரப்பு 21. பக்கங்கள் எவை என்பதாகும். பத்தை இரண்டாகப் பிரித்து ஒன்றையொன்றால் பெருக்க 21 வந்தது என்ற வினாவை அல்குவாரிஸ்மியே நூலில் பின்னர் தருகிறார். விடை மூன்றும் ஏழும். நாம் மேலே கண்ட கீற்றை இங்கே நினைவுகூர வேண்டும். ஐந்துக்கு ஐந்து சதுரத்தின் பரப்பு 25. மூன்றுக்கு ஏழின் பரப்பு 21. கையில் மிஞ்சிய சிறு சதுரம் நான்கு. அதன் பக்கம் இரண்டு. அவர் கழித்தெடுத்த நான்கு, இடமின்றி மிஞ்சிய அச்சதுரமே. விதிக்கு அவர் வரைந்து காட்டும் படமும் இவ்வாறு பாதியாக்கிய கோட்டின் மீது எழும் சதுரமேயாகும்.

விதியைச் சொல்லிய கையோடு அவர் ஓர் எச்சரிக்கையையும் சேர்க்கிறார். ஜித்ர்களைப் பாதியாக்கி அதனாலேயே பெருக்கியபோது கிடைப்பது, மாலுடன் உள்ள திர்ஹங்களைவிடக் குறைவாயின் அந்த வினா 'முஸ்தஹீலா', அதாவது நிகழ முடியாதது. இரண்டும் சமமாயின் கூட்டலுமின்றிக் கழித்தலுமின்றி அந்தப் பாதியே விடை. பத்தை எப்படிப் பிரித்தாலும் பெருக்கற்பலன் 25-ஐத் தாண்டாது. 25-ஐத் தொடுவது ஐந்தும் ஐந்துமாகப் பிரிக்கும்போது மட்டுமே. மிகப் பெரியது எது என்று அல்குவாரிஸ்மி தேடவில்லை. இக்கணக்குக்கு விடை உண்டா இல்லையா என்றே கேட்டார். உண்டு என்பதற்கும் இல்லை என்பதற்கும் இடையில் அவர் இட்ட வரம்புதான், பெருமப் பெருக்கற்பலன் என்று இன்று நாம் அழைப்பது. வழக்குத் தீர்க்க நூல் எழுதியவருக்கு இந்தக் கேள்வி முன்னால் வந்து நின்றது இயல்பே.

இந்த வரம்பை வைத்து ஓர் ஆவணத்தைச் சோதித்துப் பார்க்கலாம். நீள்சதுர நிலம் ஒன்றின் சுற்றளவு 40 முழம், பரப்பு 110 சதுர முழம் என்று ஒரு பத்திரத்தில் எழுதியிருப்பதாகக் கொள்வோம். நிலத்தை நேரில் பார்க்க வேண்டியதே இல்லை. நாற்பதில் பாதி இருபது. அது நீள அகலங்களின் கூட்டுத்தொகை. இருபதில் பாதி பத்து. அதன் வர்க்கம் நூறு. நூறு என்பது 110-ஐவிடக் குறைவு. எழுதியவர் இரண்டு எண்களில் ஒன்றையேனும் தவறாக எழுதியிருக்க வேண்டும். பரப்பு 96 என்று இருந்தாலோ அது நிகழக்கூடியது. நூறில் 96 போக நான்கு, மூலம் இரண்டு, பக்கங்கள் பன்னிரண்டும் எட்டும்.

எனினும் இச்சோதனை நீள்சதுர நிலத்துக்கு மட்டுமே செல்லும். இதை மறந்தால் நாமே அந்த முதல் காழியாகிவிடுவோம். பத்திரத்தில் வட்ட நிலம் என்று இருந்திருந்தால் 110 என்பது பொய்யாகாது. அல்குவாரிஸ்மியின் நூலில் நில அளவை பற்றிய பகுதியும் உண்டு. விட்டத்தில் பாதியைச் சுற்றளவில் பாதியால் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு என்று அங்கே சொல்கிறார். விட்டத்தைப்போல் சுற்றளவு மூன்றேகால் மடங்குக்குச் சற்றுக் குறைவு, அதாவது மூன்றும் ஏழில் ஒரு பங்கும் என்பது அவர் தரும் நடைமுறை அளவு. அதன்படி 40 முழச் சுற்றளவுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 127 சதுர முழம். நம் 400 முழ வேலியை வட்டமாக வளைத்தால் ஏறத்தாழ 12,727 சதுர முழம் கிடைக்கும். சதுரத்தைக் காட்டிலும் கால் பங்குக்கு மேல் அதிகம்.

வட்டத்தைவிட எந்த வடிவமும் மிஞ்ச முடியாது என்பதை நிறுவும் முயற்சி கிரேக்க அறிஞர் ஸெனோடோரஸிடம் தொடங்குகிறது. அரபு மொழியில் அதை எடுத்துக்கொண்டவர்கள் நில அளவைக்காரர்கள் அல்லர், வானியலார். வானம் கோள வடிவினது என்பதற்கு டாலமி தம் அல்மஜெஸ்தில் காட்டிய காரணங்களுள் ஒன்று, சமச் சுற்றளவுள்ள வடிவங்களுள் வட்டமே விரிவானது என்பது. அதற்கு உரை வகுத்த அபூ ஜஅஃபர் அல்காஸின் பத்தாம் நூற்றாண்டில் இதற்கு விரிவான நிறுவல் தந்தார். அவருக்குப் பின் இப்னுல் ஹைஸம் இதற்கெனத் தனி நூலே எழுதினார். வேலி அடைப்பவனின் கணக்கு வானத்தின் வடிவத்தை ஆராய்வோரிடம் போய்ச் சேர்ந்தது நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

நீள்சதுரத்துக்கே திரும்பினாலும் 'சதுரமே சிறந்தது' என்று மனப்பாடம் செய்துகொண்டவர் தவறும் இடம் ஒன்று உண்டு. திஜ்லா நதிக் கரையில் தோட்டம் போட விரும்பும் ஒருவரிடம் 400 முழ வேலி இருப்பதாகக் கொள்வோம். ஆற்றுப் பக்கம் வேலி வேண்டாம். மற்ற மூன்று பக்கமே அடைக்க வேண்டும். சதுரமே சிறந்தது என்று நம்பி அவர் வேலியை மூன்று சம பாகமாக்கினால் ஒவ்வொரு பக்கமும் 133 முழமும் மூன்றில் ஒரு பங்கும். பரப்பு ஏறத்தாழ 17,778 சதுர முழம். இதைவிட நல்ல வழி இருக்கிறது. இங்கே 400 என்பது ஒரு நீளமும் இரண்டு அகலங்களும் சேர்ந்த தொகை. ஆகவே சமமாகப் பிரிக்க வேண்டியவை நீளமும் அகலமும் அல்ல. நீளமும் இரட்டை அகலமும். நீளம் 200, இரட்டை அகலம் 200, எனவே அகலம் 100. பரப்பு 20,000 சதுர முழம். சதுரம் போட்டவர் 2,200 சதுர முழத்துக்கு மேல் இழந்துவிட்டார். ஆற்றின் மறுகரையில் இத்தோட்டத்தின் நிழல்போல் இன்னொன்றைக் கற்பனை செய்தால், இரண்டும் சேர்ந்து 200-க்கு 200 சதுரமாகும். விதி எங்கே போய் ஒளிந்திருக்கிறது என்பது அப்போது விளங்கும். விதி சதுரத்தைப் பற்றியதே அன்று. கூட்டுத்தொகை மாறாத இரண்டு எண்களைப் பற்றியது. அவ்விரண்டு எண்கள் எவை என்று கண்டுகொள்வதில்தான் பிழை நேர்கிறது.

அல்குவாரிஸ்மி இட்ட வரம்பை அடுத்த படிக்கு உயர்த்தியவர் ஷரஃபுத்தீன் அத்தூஸி. மராகா வானாய்வகத்தால் பெயர் பெற்ற நஸீருத்தீன் அத்தூஸி வேறு. இவர் அவருக்கு முந்தியவர். தூஸ் நகரத்தைச் சேர்ந்த இவர் திமிஷ்க், ஹலப், மவ்ஸில் ஆகிய ஊர்களில் பாடம் நடத்தி, 1213-ஐ ஒட்டி மறைந்தார். அவர் எடுத்துக்கொண்டது கன சமன்பாடுகள். அவற்றுள் ஒன்றை நம் மொழியில் சொன்னால், ஓர் எண்ணை இரண்டு பங்காக்கி, ஒரு பங்கின் வர்க்கத்தை மற்றதால் பெருக்க, சொல்லப்பட்ட தொகை வரவேண்டும். அது நிகழுமா நிகழாதா என்று அவர் முதலில் கேட்கிறார். அதற்கு அப்பெருக்கற்பலன் அடையும் உச்சம் தெரிய வேண்டும்.

30-ஐ எடுத்துப் பார்ப்போம். பழைய பழக்கத்தில் பதினைந்து, பதினைந்து என்று பிரித்தால் 225-ஐப் பதினைந்தால் பெருக்க 3,375 வரும். இருபது, பத்து என்று பிரித்தால் 400-ஐப் பத்தால் பெருக்க 4,000. பத்தொன்பதும் பதினொன்றும் 3,971 தருகின்றன. இருபத்தொன்றும் ஒன்பதும் 3,969. வர்க்கமாக்கும் பங்கு முழு எண்ணில் மூன்றில் இரண்டாக இருக்கும்போதே உச்சம் என்பது தூஸியின் விடை. ஆகவே 4,000-க்கு மேல் கேட்டால் வினா முஸ்தஹீலா. 4,000 கேட்டால் ஒரே விடை. அதற்குக் குறைவாயின் இரண்டு விடைகள். அல்குவாரிஸ்மியின் மூன்று நிலைகளும் அதே வரிசையில் இங்கே திரும்ப வருகின்றன.

மூன்றில் இரண்டு என்று தூஸி சொல்கிறார். அதைவிடக் கூடினாலும் குறைந்தாலும் பலன் குறையும் என்று வடிவங்களால் நிறுவியும் காட்டுகிறார். ஆனால் அந்த மூன்றில் இரண்டை முதலில் எப்படிக் கண்டார் என்பதை எங்கும் எழுதவில்லை. அவரது நூலைப் பதிப்பித்த ருஷ்தி ராஷித், ஐரோப்பாவில் பதினேழாம் நூற்றாண்டில் தோன்றிய நுண்கணித முறையை ஒத்த ஒன்று அவரிடம் இருந்தது என்று கருதினார். டச்சு ஆய்வாளர் ஹோகன்டைக் அதை ஏற்கவில்லை. யூக்ளிட் பாணியில் கீற்றுகளை வெட்டி ஒட்டும் பழைய வழியிலேயே அவர் இவ்விடையை எட்டியிருக்க முடியும் என்று எழுதினார். இருவர் வாதங்களையும் படித்த பின் நம் மனம் இரண்டாமவர் பக்கமே சாய்கிறது. நூறு முழ நிலத்தில் இருபது முழக் கீற்றை வெட்டி, மிஞ்சிய சிறு சதுரத்தைக் கண்டவர்களின் வழியில் வந்தவர் அவர். அவர் தம் நிறுவல்களில் பயன்படுத்துவதும் அத்தகைய துண்டுகளையே.